சுவரிலிருந்து அளந்த பீம்

நான் மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து என் முகத்துக்கு நேரே சொல்வதைவிட அது எனக்குக் கௌரவம். கணக்கு வாத்தியார் மடையனாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு: யாரும் லேசில் சந்தேகப்படமாட்டார்கள். என் மனைவி மட்டும் கல்யாணமான வாரமே கண்டுபிடித்துவிட்டாள்.

புத்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் எனக்கு வேலை. என் நண்பன் அங்கே சிவில் டிபார்ட்மென்ட். இருவருமே சத்தியவேடு பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். வகுப்பில் தெலுங்கும் இங்கிலீஷும் பேசிவிட்டு, மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்த பிறகுதான் தமிழுக்கு வருவோம். என் சாம்பாரை அவன் திட்டுவதற்கு அந்த மொழிதான் தோதாக இருந்தது.

சர்க்கரை அவன் கண்ணைத் தின்றுகொண்டிருந்தது. சென்னைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவான். வந்த சில நாள் நன்றாக இருக்கும், பிறகு மறுபடியும் மங்கும். முகங்களைக் குரலால் அடையாளம் கண்டான். போர்டைக் கையால் கண்டான். இடது உள்ளங்கையைப் போர்டில் அழுத்தி வைத்து, அதன் பக்கத்தில் ஒரு வரி எழுதுவான். பிறகு கையை ஓர் அங்கை அளவு கீழே இறக்கி அடுத்த வரி. பிள்ளைகளுக்குத் தெரியும். வரி மேலே ஏறினால் முன்பெஞ்சுப் பெண்கள், "கொஞ்செம் கிந்தக்கி, சார்" என்று, கொஞ்சம் கீழே என்று, மெதுவாகச் சொல்வார்கள். அந்த வகுப்பில் ஒருவரும் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனாலும் விஷயம் எப்படியோ மாடிக்குப் போய்விட்டது. பிரின்சிபால் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கப் போவதாகவும், வேறு டிபார்ட்மென்ட்டிலிருந்து ஒருவர் கூட இருக்கலாம் என்றும் சொன்னார்கள். போர்டைக் கையாள முடியவில்லை என்று தெரிந்தால் அடுத்த செமஸ்டர் அவனுக்கு வகுப்பு கிடையாது.

"வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணுவேன்டா நானு?" என்று அவன் கேட்டது அன்று ஒருமுறைதான். நான் அதற்கு ஏதோ ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்பது மறந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை என்பது மறக்கவில்லை.

கூட இருக்கும் அந்த ஒருவனாக நானே பெயர் கொடுத்தேன். பாடம் பீம், அதாவது உத்தரம், வளைவது. ஒரு முனை சுவரில் புதைந்து, மறுமுனை அந்தரத்தில் நிற்கும் பீம். அந்தர முனையில் ஒரு பாரம். பீமின் ஒவ்வொரு இடத்திலும் பாரம் எவ்வளவு வளைக்கப் பார்க்கிறது என்பது தெரியும். அதுதான் இரண்டாம் வகைக்கெழு, x என்கிற தூரத்தை மட்டும் நம்பியிருக்கும் ஒரு சார்பு. அதை ஒருமுறை தொகையிட்டால் சாய்வு கிடைக்கும். இன்னொரு முறை தொகையிட்டால் பீம் எவ்வளவு தாழ்ந்தது என்று கிடைக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு மாறிலி வந்து ஒட்டிக்கொள்ளும். முதல் மாறிலி இரண்டாம் தடவையில் ஒரு x-ஐயும் இழுத்துக்கொண்டு வரும். பிள்ளைகள் மறப்பது அதைத்தான்.

மாறிலிகளுக்கு விடை சுவரில் இருக்கிறது. சுவருக்குள் பீம் சாயவும் முடியாது, தாழவும் முடியாது. தூரத்தைச் சுவரிலிருந்தே அளந்தால் x சைபர் ஆகும் இடத்தில் எல்லாம் சைபராகி, இரண்டு மாறிலியும் காணாமல் போய்விடும். கணக்கு சுருங்கிவிடும். அந்தர முனையிலிருந்து அளந்தால் மாறிலிகள் இரண்டும் கொழுத்த பிள்ளைகளாக வந்து நிற்கும். விடை என்னவோ இரண்டிலும் ஒன்றேதான்.

அவன் சுவரிலிருந்து அளக்கிறேன் என்றான். நான் விடவில்லை. மாறிலியே இல்லாத கணக்கைப் பார்த்துப் பிரின்சிபால் என்ன மெச்சுவார், அந்தர முனையிலிருந்து போடு, பார்க்கப் பெரிசாக இருக்கும் என்று வாதாடினேன். என் வீட்டு அலமாரிக் கதவில் ஒத்திகையும் அப்படித்தான் நடந்தது. சிக்னலும் என் யோசனையே. நான் ஒருதரம் இருமினால் ப்ளஸ் மைனஸ் குறி தப்பு. இரண்டுதரம் இருமினால் மாறிலி விட்டுப்போச்சு. ஒத்திகையில் நான் இருமியதைக் கேட்டு என் மனைவி கஷாயம் வைத்துக் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் அன்று சிரிப்பு இருந்தது.

அந்த நாள் வந்தது. பிரின்சிபால் கடைசிப் பெஞ்சில், நான் அவருக்குப் பக்கத்தில். என் நண்பன் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். உள்ளங்கையைப் போர்டில் வைத்தான். பீமை வரைந்தான். தெலுங்கில் சொல்லிக்கொண்டே எழுதினான். நானோ போர்டைப் பார்க்காமல் பிரின்சிபால் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பரீட்சை எழுதுகிறவன் சூப்பர்வைசரைப் பார்ப்பதுபோல. அவர் தலை ஆடியது. நன்றாகப் போகிறது என்று நினைத்துத் திரும்பிப் போர்டைப் பார்த்தேன். இரண்டாம் தடவை தொகையிட்ட வரி முடிந்திருந்தது. அதில் ஒரு மாறிலியும் இல்லை.

இரண்டுதரம் இருமினேன். நல்ல கணீரென்ற இருமல். கஷாயம் குடித்த தொண்டை அல்லவா.

சாக்பீஸ் நின்றது. அவன் இடது கை போர்டை விட்டு எழுந்தது. அவ்வளவுதான், இடம் தொலைந்துவிட்டது. திரும்பக் கையை வைத்தபோது அது இரண்டு வரி மேலே போய் உட்கார்ந்தது. அங்கே தடவிப் பார்த்து, ஏற்கெனவே எழுதியதன் மேலேயே எதையோ எழுதினான். அதை டஸ்டரால் அழித்தபோது சரியாக இருந்த வரியும் பாதி போனது. முன்பெஞ்சிலிருந்து "கிந்தக்கி, சார்" வந்தது. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

பிரின்சிபால் கெட்டவர் இல்லை. மிகவும் மெதுவாகத்தான் கேட்டார், மூன்றாவது வரியை ஒருமுறை படித்துக் காட்ட முடியுமா என்று.

அவன் போர்டு பக்கம் முகத்தைத் திருப்பிப் படித்தான். குறி தப்பாமல், அடுக்கு தப்பாமல், அந்தர முனை WL³/3EI அளவு தாழும் என்கிற கடைசி விடைவரை படித்தான். போர்டில் அப்படி ஒரு வரியே இல்லை. இருந்தது வெள்ளைப் பூச்சு மட்டும். பிரின்சிபால் எழுந்துபோய் அவன் கையிலிருந்து டஸ்டரை வாங்கி, போர்டைத் தானே துடைத்தார்.

அடுத்த செமஸ்டர் டைம்டேபிளில் அவன் பெயர் இல்லை. டிபன் பாக்ஸைத் தனியாகத் திறந்தேன். என் சாம்பார் உண்மையிலேயே மோசம்தான் என்று அப்போது தெரிந்தது.

அவனைப் போய்ப் பார்க்க எனக்குப் பல வாரம் ஆனது. வெறுங்கையோடு போகக் கூடாதென்று பங்காருபாளையத்து மாம்பழம் ஒரு பை வாங்கிப்போனேன். கதவைத் திறந்த அவன் மனைவி பையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, சக்கரைக்காரருக்கு மாம்பயமா?" என்றவர், பையை உள்ளே கொண்டுபோய் எங்கோ ஒளித்து வைத்தார்.

அவன் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். வாசனை பிடித்துவிட்டு, பழம் நல்ல பழம் என்றான். இடது உள்ளங்கை நாற்காலிக் கையில் அழுந்தியிருந்தது. கல்லூரிக் கதை எல்லாம் சொன்னேன், பிரின்சிபால் மாதிரி நடந்து காட்டினேன். அவன் கண்ணுக்கு அது தெரியாது என்பது பாதி நடையில்தான் உறைத்தது. உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். மனசுல வெச்சிக்காதடா, டென்ஷன்ல மாறிலி விட்டுப்போறது எல்லாருக்கும் நடக்கிறதுதான், நானே எத்தனையோ தரம் விட்டிருக்கேன், அதனாலதான் இருமினேன் என்றேன்.

அவன் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான்:

"செவுத்துலருந்துதாண்டா அளந்தேன், ரெண்டும் ஜீரோ."