டேனியலும் வாடகை வீடும்

"ஒரு பொய்கூட எழுதாம வூடு புடிச்சுக் காட்டறேன் பாரு!" என்று சாலவாக்கத்து டேனியல் தன் அக்காள் சுகிர்தாவிடம் முழங்கினான். திங்கட்கிழமை காஞ்சிபுரத்தில் கல்லூரி திறக்கிறது, தங்க இடமில்லை.

வாடகை விளம்பரங்களுக்கெல்லாம் பெயர், ஊர், படிப்பு எழுதி, "ஞாயிற்றுக்கிழமை வந்து வீட்டைப் பார்க்கலாமா, சார்?" என்று வாட்ஸ்அப்பில் பணிவோடு கேட்டான். ஒருவர் பேச்சிலருக்குத் தருவதில்லையாம். இன்னொருவர், "சைவமா?" என்றார். "இல்லை சார்" என்றதும் அந்த வீட்டுக்கு ஆள் வந்துவிட்டதாம். விளம்பரம் மட்டும் அப்படியே இருந்தது.

"இன்னாடா, உத்தமரே! வூடு கெட்ச்சுதா?" என்றாள், மீன் வறுத்துக்கொண்டிருந்த சுகிர்தா.

"பேஜாரா கீதுக்கா."

அடுத்த விளம்பரத்துக்கும் அதே அறிமுகத்தை அனுப்பினான் டேனியல். கடைசி வரியில் 'சுத்த சைவம்' என்று சேர்த்துவிட்டு, சத்தமில்லாமல் மீன் தட்டை இழுத்துக்கொண்டான்.