அறுபதில் முடிந்த முகவரி

குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் நெட்வொர்க் வேலைகளைப் பார்த்துவந்த பெண்ணுக்கு என்னால் அந்த வேலை போயிற்று. அவர்மீது எந்தத் தவறும் இல்லை. தவறு என்னுடையது என்று தெரிந்த பிறகும் சீசன் முடியும்வரை நான் வாய் திறக்கவில்லை. முதலாவதை அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அப்படி ஒரு பெயரும் இல்லை.

பாலிடெக்னிக்கில் கணினி கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். தென்காசியில் வீடு. அந்த லாட்ஜின் லினக்ஸ் சர்வர் என் பொறுப்பு. கேபிள், சுவிட்ச், கேமரா, பிரிண்டர் எல்லாம் அந்தப் பெண்ணின் பொறுப்பு. இலத்தூர்க்காரர், பொறியியல் படித்தவர், தென்காசியில் சொந்தமாகக் கடை வைத்து நாலைந்து லாட்ஜுகளைக் கவனித்துவந்தார். யாருக்கும் பயந்து பேசுகிறவர் அல்ல.

லாட்ஜில் சாப்பாட்டு ஆர்டரை வரவேற்பு மேசையில் தட்டினால் சமையலறைப் பிரிண்டரில் சீட்டு வரும். அந்தப் பிரிண்டருக்கு அவர் கொடுத்திருந்த முகவரி 192.168.1.60. எங்கள் பேச்சில் வெறும் அறுபது.

அந்த வருடம் சாரல் சீசன் தொடங்குவதற்குச் சற்று முன் நான் புது சர்வர் வைத்தேன். நெட்வொர்க் அமைப்பைப் புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, பல வருடங்களுக்கு முன் எடுத்துவைத்த நகல் ஒன்றிலிருந்து வரிகளை அப்படியே ஒட்டினேன். அதே வாரம் அவர் சமையலறை சுவிட்சை மாற்றினார். கூட்டம் வரத் தொடங்கியதும் சீட்டுகள் தொலைய ஆரம்பித்தன. ஒன்று வரும், அடுத்தது வராது. ஐந்தருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வந்தவர்கள் ஈரத்துண்டோடு நின்று கத்தினார்கள்.

முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். சர்வர் சமையலறைக்குப் பக்கத்து அறையில் இருந்தது. சமையல்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். இயந்திரத்தின் முகவரியைக் காட்டும் ifconfig கட்டளையைத் தட்டினேன். பத்தில் முடியும் ஒரே முகவரி. போகும் வழிகளைக் காட்டும் route -n கட்டளையிலும் எல்லாம் சரி. பிறகு, அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்று பார்க்க, அறுபதுக்கு ping கொடுத்தேன். ஒரு பாக்கெட்டுகூடத் தவறாமல் பதில் வந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி? பிரிண்டர் உயிரோடதான் இருக்கு. இங்கேயிருந்து எல்லாம் சரி. புதுசா மாட்டுன சுவிட்ச்தான் சீட்டைத் தின்னுது" என்றேன் முதலாளியிடம்.

அந்தப் பெண் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அதிலும் லினக்ஸ்தான். ip neigh தட்டியிருந்தார். அக்கம்பக்கத்தில் எந்த முகவரிக்கு எந்த இயந்திரம் பதில் சொல்கிறது என்று, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனியாக உள்ள மேக் எண்ணோடு காட்டும் கட்டளை அது.

"சார், அறுபதுன்னு கூப்பிட்டா பதில் சொல்லுத மேக் எண் பிரிண்டரோடது இல்ல. ஸ்டிக்கர்ல இருக்கறது வேற. இது உங்க சர்வரோடது மாதிரி இருக்கு. ஒருக்க அதுல ip addr போட்டுப் பாருங்க."

"ifconfig-ல இல்லாத முகவரி வேற எதுலம்மா இருக்கும்?"

"அது பழசு சார். எல்லாத்தையும் காட்டாது."

"நானும் பழசுதான்" என்றேன். சமையல்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. "நீங்க பிறக்கதுக்கு முந்தியே நான் இதைத் தட்டுதேன். உங்க சுவிட்ச் சரியில்லைன்னு ஒத்துக்கிட்டுப் போங்க."

தலைமைச் சமையல்காரர் தன் பங்குக்கு, "ஏட்டி, உன் பெட்டியால நான் தோசைக்கு ஏச்சு வாங்குதேன்" என்றார். அந்தப் பெண் மடிக்கணினியை மூடினார். அன்று மாலையே முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். குற்றாலத்தில் லாட்ஜ் முதலாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள். இன்னும் இரண்டு இடங்களிலும் அவருக்கு வேலை போயிற்று.

புதிதாக வந்தவர் வேறு சுவிட்ச் மாட்டினார். சீட்டுகள் தொடர்ந்து தொலைந்தன.

ஒரு மத்தியானம் சர்வர் முன்னால் தனியாக உட்கார்ந்து மறுபடி அறுபதுக்கு ping கொடுத்தேன். இந்த முறை நேரத்தைப் பார்த்தேன். 0.04 மில்லி விநாடி. கேபிளும் சுவிட்சும் தாண்டிப் போய் வருகிற எந்தப் பதிலும் அவ்வளவு சீக்கிரம் வராது. ip route get 192.168.1.60 என்று தட்டினேன். அந்த முகவரிக்குப் போக எந்த வழி என்று கேட்கிற கட்டளை. பதிலின் முதல் சொல்லே local. பக்கத்தில் dev lo. கம்பி வழியாக எதுவும் வெளியே போகவே இல்லை. இயந்திரம் தன்னையே கூப்பிட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகுதான் அவர் அன்று சொன்ன ip addr தட்டினேன். ஒரே நெட்வொர்க் கார்டின் கீழ் இரண்டு inet வரிகள், அதாவது இரண்டு முகவரிகள். முதல் வரி பத்து. இரண்டாவது அறுபது, கடைசியில் secondary என்ற சொல்லோடு. நான் ஒட்டிய பழைய வரிகளில் அது இருந்திருக்கிறது. இப்படிச் சேர்த்த இரண்டாம் முகவரியை ifconfig காட்டுவதில்லை. புது லினக்ஸில் அந்தக் கட்டளை தானாக வருவதுகூட இல்லை. எந்த இயந்திரத்தைத் தொட்டாலும் முதல் வேலையாக net-tools நிறுவி அதை வரவழைத்துக்கொள்கிறவன் நான்.

வரவேற்பு மேசையிலிருந்து அறுபது என்று கூப்பிட்டால் ஒரு சமயம் பிரிண்டர் முந்தும், ஒரு சமயம் என் சர்வர் முந்தும். சர்வர் முந்தியபோதெல்லாம் சீட்டு தொலைந்தது.

அந்த வரியை அழித்தேன். சீட்டுகள் ஒழுங்காக வந்தன. "புது ஆளு கைராசிக்காரன்" என்றார் முதலாளி. நான் தலையாட்டினேன். எனக்குக் காப்பி வந்தது. குடித்தேன்.

அருவியில் தண்ணீர் குறைந்து அறைகள் காலியான பிறகுதான் முதலாளியிடம் சொன்னேன். "போகட்டும் சார், சீசன்தான் முடிஞ்சிட்டே" என்று செல்போனைப் பார்த்தார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த நிம்மதி என்னைக் கூசவைத்தது. அந்தப் பெண்ணின் கடைக்குப் போனேன்.

நின்றபடியே முழுவதும் சொன்னேன். அவர் கேமரா ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எப்போ தெரியும் சார் உங்களுக்கு?"

"நீங்க போன கொஞ்ச நாள்ல."

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "அண்ணாச்சிட்ட தனியா சொன்னா எப்படி? என்னைச் சமையக்கட்டுல வச்சுல்லா சிரிச்சீங்க."

அதனால் சமையலறையில் போய்ச் சொன்னேன். நெட்வொர்க் யாருக்கும் புரியவில்லை. பழி மட்டும் புரிந்தது. தலைமைச் சமையல்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு, "அப்போ நான் அந்தப் பிள்ளைய ஏசுனது வீணாப் போச்சே. என்ன சார் நீங்க!" என்றார். அன்று யாரும் சிரிக்கவில்லை. எனக்குக் காப்பியும் வரவில்லை. அவர்கள் வழியாக மற்ற லாட்ஜுகளுக்கும் செய்தி போயிற்று. அதில் ஒன்று அவரைத் திரும்பக் கூப்பிட்டது. இன்னொன்று கூப்பிடவில்லை.

கடைசியில் எங்கள் முதலாளியும் கூப்பிட்டார். சர்வரும் தன் பொறுப்பில் இருந்தால் வருவேன் என்றாராம். முதலாளி என்னிடம் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கடவுச்சொல்லை ஒப்படைக்க நானே போனேன்.

அவர் உட்கார்ந்து ip addr தட்டினார். ஒரே முகவரி. ip route தட்டி, வெளியே போகிற default வழியைப் பார்த்தார். அறுபதுக்கு ஒரு ping கொடுத்துவிட்டு ip neigh தட்டினார். திரையில் வந்த மேக் எண்ணை எழுந்துபோய்ப் பிரிண்டர் ஸ்டிக்கரோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். அதை அவர் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

"சரியா இருக்கு" என்றார்.

நான் நின்றேன். வேறு ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன் போல. அவர் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருந்தார். நான் பார்க்காதபடி விசைப்பலகையைச் சற்றுத் திருப்பிக்கொண்டார்.

"நீங்க கிளம்புங்க சார். நான் பாத்துக்கிடுதேன்."