கடிகாரத்துக்கு அட்மின் யார்

தென்காசியில் மகளோடு தனியாக இருக்கும் நிலோபர், துபாயிலிருந்து கணவன் எதை அனுப்பினாலும் முதலில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காட்டிவிடுவாள். ஏழு வயது ஹனா பள்ளிக்கு நடந்து போவதற்காக அவன் அனுப்பிய, போன் போலப் பேசவும் இருக்கும் இடத்தைக் காட்டவும் கூடிய கைக்கடிகாரத்தையும் படமெடுத்துப் போட்டாள். பெட்டியிலிருந்த கியூஆர் கோடும் படத்தில் விழுந்தது. அதை முதலில் ஸ்கேன் செய்கிறவர்தான் அட்மின் என்பது அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை சிம் போட்டு, மகளுக்குக் கட்டி அனுப்பிய பிறகுதான் அவள் ஸ்கேன் செய்தாள். ‘ஏற்கெனவே இணைக்கப்பட்டுள்ளது. அட்மினிடம் அனுமதி கேட்கப்பட்டது’ என்று வந்தது.

கணவனுக்கு அழைத்தாள்.

“நான் இல்லட்டி. குரூப்புல நாப்பது பேரு இருக்காவ, அவுக படத்த யாருக்கு அனுப்புனாவளோ.”

அதற்குள் அனுமதி வந்துவிட்டது. அட்மினின் எண் அவள் அறியாதது. செயலியின் வரைபடத்தில் ஹனாவின் புள்ளி வாய்க்கால் பாலத்தில் நகர்ந்தது. உடனே மகளை அழைத்தாள்.

“உம்மா, இப்பதான் வாட்ச்சுல ஒரு மாமா பேசுனாவ. ஒத்தையிலயா போறன்னு கேட்டாவ.”

“வாட்ச்ச கழத்தி வாய்க்கால்ல போட்டுட்டு ஸ்கூலுக்கு ஓடும்மா.”

புள்ளி பாலத்திலேயே நின்றுவிட்டது. இனி ஹனா எங்கே என்று அந்த அட்மினுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. நிலோபர் செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.