டூ என்றால் நீ இல்லை

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். கூடவே முத்திரை குத்தி மொழிபெயர்ப்பும் செய்து தருகிறேன். ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாளே ஒரு கூத்து நடக்கும். எதிரில் இருப்பவரை அழைக்க ஜெர்மனில் 'டூ' என்று ஒன்று, 'ஸீ' என்று ஒன்று இருக்கிறது என்று சொல்வேன். உடனே எல்லா முகமும் மலர்ந்துவிடும். "நம்ம நீ, நீங்க தானே மேம், ஈஸி" என்பார்கள். அந்த ஈஸியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நம் 'நீங்க' அண்ணாந்து பார்த்துச் சொல்வது. வயது, உறவு, பதவி எல்லாம் அதற்குள் இருக்கும். அவர்களுடைய 'ஸீ' தள்ளி நின்று சொல்வது. பழகாதவருக்கு ஸீ, தன் மனிதர்களுக்கு டூ. அங்கே புருஷனை ஸீ என்று கூப்பிடுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. இங்கே புருஷனை நீங்க என்று கூப்பிடும் வீடுகள் தெருவுக்குத் தெரு உண்டு. இதைத் தொண்டை வறளச் சொல்வேன். பரீட்சைக்கு வருமா என்று கேட்பார்கள்.

அப்படிக் கேட்காமல் உட்கார்ந்திருந்த ஒரு மாணவி, பாஸ் செய்து போன பிறகு ஒரு நாள் திரும்பி வந்தாள். கல்யாணம் ஆன கையோடு கணவன் ஜெர்மனியில் வேலைக்குத் திரும்பிவிட்டான். இவள் பீர்க்கன்கரணையில் மாமனார் மாமியாரோடு இருந்தாள். அவனிடம் போவதற்குத்தான் ஜெர்மனே படித்தாள். விசா மறுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி ஒரு ஃபைலை மேஜைமேல் வைத்தாள். அதற்குள் மெலிந்து போயிருந்தாள்.

கல்யாணம் உண்மையானது என்று காட்ட, இருவரும் போனில் பேசிக்கொண்ட செய்திகளைச் சேர்த்துக் கொடுத்திருந்தாள். சிட்டியில் யாரோ மொழிபெயர்த்திருந்தார்கள். தப்பே கண்டுபிடிக்க முடியாத ஜெர்மன். அவள் எழுதிய ஒவ்வொரு 'நீங்க'வும் ஸீ, அவன் எழுதிய ஒவ்வொரு 'நீ'யும் டூ. சாப்பிட்டீங்களா, எப்ப வருவீங்க, உங்களையே நினைச்சுட்டு இருக்கேன், எல்லாம் ஸீ. படித்தால் ஏதோ ஒரு பெண் தன் மேனேஜருக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி இருந்தது.

"இன்டர்வியூல அதைத்தான் கேட்டாங்க மேம். அவர் உன்னை டூன்னு சொல்றாரு, நீ ஏன் ஸீன்னு சொல்றே, அவரைப் பார்த்தா பயமா, யாராவது கட்டாயப்படுத்திக் கட்டிவெச்சாங்களான்னு. நான் மரியாதைன்னு சொன்னேன். அவங்களுக்குப் புரியலை."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மொழிபெயர்ப்பாளர் எதிரில் இருந்திருந்தால் நாலு வார்த்தை வாங்கியிருப்பார். மறுபடி விண்ணப்பிக்கலாம், நானே செய்து தருகிறேன் என்றேன். புதிதாக வந்த செய்திகளையும் கொண்டுவரச் சொன்னேன்.

முறை எளிதுதான். இருவருக்கும் டூ. தமிழில் மனைவி கணவனை நீங்க என்பது வழக்கம், அதில் விலகல் இல்லை, ஜெர்மனில் அதற்கு ஈடு டூதான் என்று முன்னால் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு. அவள் எங்குமே அவன் பேரைச் சொல்லவில்லை, 'என்னங்க' மட்டும்தான். அதற்கு 'அன்பே' என்று போட்டால் நாடகம் ஆகிவிடும். 'இதைக் கேளேன்' என்கிற மாதிரி வீட்டுப் பேச்சாக வைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "இப்பத்தான் மேம் நாங்க புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்கோம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கடைசிப் பக்கங்களுக்கு வந்தபோது என் கை நின்றது. விசா மறுக்கப்பட்ட பிறகு அவன் அனுப்பியவை. 'சாப்டியா' போய் 'சாப்டீங்களா' வந்திருந்தது. 'உங்க இஷ்டம் எப்படியோ அப்படிச் செய்யுங்க.' 'அம்மாகிட்ட கேட்டுக்குங்க.' 'நீங்க சொன்னா சரி.' கேலியாகப் பெண்டாட்டியை வாங்க மேடம் என்கிற கணவர்கள் உண்டு. இது அது இல்லை. கேலிக்கு முன்னும் பின்னும் ஏதாவது இருக்கும். இங்கே எதுவுமே இல்லை.

இந்த மரியாதையை நான் வாங்கியிருக்கிறேன். கீழ்க்கட்டளையில் இருந்த அப்பா வீட்டைப் பிரித்த வருஷம், என்னை வாடி போடி என்றே கூப்பிட்டு வளர்ந்த தங்கை, கதவைத் திறந்து "வாங்க, உட்காருங்க" என்றாள். காபியும் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

பக்கத்தில் இருந்த மாணவியைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையும் டூன்னே போட்டுடுங்க மேம்."

"இது எப்படிம்மா டூ ஆகும்?"

"நீங்கதானே சொன்னீங்க, புருஷன் பொண்டாட்டிக்குள்ள நீங்கன்னா டூதான்னு. குறிப்பே எழுதியிருக்கீங்க."

என் குறிப்பை என்னிடமே நீட்டினாள். டூ போட்டால் அந்த வரிகள் எவ்வளவு அழகாக ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியும். 'உன் விருப்பம் போலவே செய்.' எந்த அதிகாரியும் விசா கொடுத்துவிடுவார். ஸீ போட்டால் உண்மை தெரியும், இவள் பீர்க்கன்கரணையிலேயே கிடப்பாள். டூ போட்டு அனுப்பினால் இவள் பெட்டியோடு போய் நிற்கப்போவது அந்த 'செய்யுங்க'வின் வாசலில்.

"அங்க போனா சரியாயிடும் மேம். தூரமா இருக்கறதாலதான். எங்க மாமியார்கூட சொன்னாங்க, பாரு எவ்ளோ மரியாதையா பேசறான்னு." குரல் உடைந்தது. "எனக்கு வேற வழி இல்ல. அம்மா வீட்டுல தங்கச்சிக்குப் பாத்துட்டு இருக்காங்க. நான் திரும்பிப் போய் நின்னா அவளுக்கு யார் வருவாங்க?"

எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. யார்மேல் எரிச்சல் என்றுதான் தெரியவில்லை. "அவருக்கு இப்ப போன் போடு. வரட்டுமான்னு கேளு. அவர் சொல்றதைக் கேட்டுட்டு, நீ எதைப் போடச் சொல்றியோ அதைப் போடறேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாதோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சொல்லுங்க" என்றது குரல். நல்ல குரல்.

"என்னங்க, பேப்பர் எல்லாம் முடியப்போகுது. நான் வரட்டுமா?"

"அதான் எல்லாம் பண்ணிட்டு இருக்கீங்களே. பண்ணுங்க."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு அவன் பேரைச் சொன்னாள். அதுவரை அவள் வாயிலிருந்து அந்தப் பேரை நான் கேட்டதில்லை.

"நீ சொல்லு. என்னை வான்னு ஒரே ஒரு தடவை சொல்லு. போதும்."

வெளியே தாம்பரம் ஸ்டேஷனில் சென்னை பீச் போகும் வண்டிக்கான அறிவிப்பு மூன்று மொழியிலும் வந்து முடிந்தது. அவன் சொல்லிவிடுவான் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

"வாங்க" என்றான். "வந்தா பாத்துக்கலாம்."

அவள் போனை அணைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். என் விரல்கள் கீபோர்டில் இருந்தன. ஜெர்மனில் அதற்கு 'கொம்' என்று போடலாம். குழந்தையை, காதலியை, பக்கத்தில் வா என்று அழைக்கிற சொல் அது.

"இதுக்கு மொழிபெயர்ப்பு வேணாம் மேம்" என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. தாள்களை அடுக்கி ஃபைலில் போட்டாள், எலாஸ்டிக்கை இழுத்து மாட்டினாள், எழுந்தாள். கதவு வரை போனவள் நின்றுவிட்டாள்.

"இப்ப நான் எந்த வீட்டுக்குப் போறது மேம்?"

பீர்க்கன்கரணையில் மாமியார் இவளுக்குச் சோறு எடுத்து வைத்துக் காத்திருப்பார்.