பன்னிரண்டு தசம் ஆறு

என் மனைவி உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவர். உருத்திரபுரத்தில் சீதனமாக வந்த வயலும், அதோடு சேர்ந்து வந்த நானும் அவருடைய நிருவாகத்தில் இருக்கிறோம். வயல்தான் விளைச்சல் தருகிறது.

இந்த முறை பாதி வயல் அறுத்தபின் சாப்பாட்டுக்காக நிறுத்திய வெட்டு மெசின், மறுபடி கிளம்ப மறுத்தது. திறப்பைப் போட்டுத் திருகினால் ‘டிக்’ என்ற ஒரு சத்தம். அவ்வளவுதான். கிழக்கில் வானம் கறுத்துக்கொண்டிருந்தது. முற்றிய நெல் மழையில் சாய்ந்தால் மெசினாலும் அள்ள முடியாது.

“ஸ்ராட்டர் போச்சு, ரீச்சர். கழட்டிக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோகோணும். இனி நாளைக்குத்தான்,” என்றார் மெசின் ஓட்டுபவர்.

நான் புதிதாக வாங்கிய மீற்றரைப் பற்றரியில் வைத்து, வைத்தியர் நாடி பார்க்கும் பாவனையில் அறிவித்தேன்: “பற்றரியில பிழையில்லை. பன்னிரண்டு தசம் ஆறு வோல்ற்!”

“ஒரு வேலையும் இல்லாத பற்றரி அப்பிடித்தான் காட்டும்,” என்றார் மனைவி. “நீங்களும் கதிரையில சாய்ஞ்சு இருக்கேக்க நல்ல சுகதேகிதான். தம்பி, ஒரு லைற்றைப் போடும்.”

ஓட்டுபவர் மெசினின் முன் விளக்கொன்றைப் போட, மீற்றர் பன்னிரண்டு தசம் இரண்டுக்கு இறங்கியது.

“மற்றதையும்.”

பதினொன்று தசம் எட்டு.

“ஒரு லைற் நாலரை அம்பியர் இழுக்கும். அதுக்கே தசம் நாலு வோல்ற்றைப் பற்றரியின்ர அகத்தடை உள்ளுக்கை தின்னுது. இரண்டு லைற்றுக்கு அதின்ர இரட்டை. ஸ்ராட்டர் நூறு அம்பியர் கேட்டால் ஒன்பது வோல்ற் உள்ளுக்கையே போயிடும். மிச்சம் மூண்டரையில அது என்னத்தைச் சுத்துறது?”

“லைற் பளிச்செண்டு எரியுதே, ரீச்சர்?”

“அது கேக்கிறது கொஞ்சம், தம்பி. அதாலதான் பற்றரிக்கு மானம் போகேல்லை.”

ஓட்டுபவர் நட்டுக் கழற்றும் சாவியைக் கீழே வைக்கவில்லை. “ஸ்ராட்டரும் பழுதெண்டால்?”

“அதுக்கு நான் வாக்குத் தரேலாது. நல்ல பற்றரி ஒண்டைப் போட்டுப் பாத்திட்டுக் கழட்டும்.”

உடனே நான் வீட்டு வயரிங்கில் மிஞ்சிய கம்பியை நீட்டினேன். பக்கத்து வயல்காரரின் உழவு இயந்திரத்துப் பற்றரியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது என் யோசனை.

“இந்த நூலுக்குள்ளாலயோ நூறு அம்பியர்? இதுவும் ஒரு தடைதான். பற்றரியையே தூக்கிக்கொண்டு வாங்கோ.”

பக்கத்து வயல்காரர் மறுப்பில்லாமல் கழற்றித் தந்தார். வரம்பில் அதைச் சுமந்தது நான். இவ்வளவு பாரமான பொருளுக்குள் எப்படிப் பலம் குறைகிறது என்பது எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. பற்றரியை மாற்றிப் போட்டு ஓட்டுபவர் திறப்பைத் திருகினார். மெசின் முதல் தடவையிலேயே உறுமியது.

“ரீச்சர், நீங்கள் எங்கட மெசின் திருத்துற கராச்சுக்கு வேலைக்கு வாங்கோ!”

“முதல்ல வயலை வெட்டும். முடியுமட்டும் நிப்பாட்டாதையும்.” மனைவி அண்ணாந்து வானத்தைத்தான் பார்த்தார். பாராட்டு அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. எனக்கு விழுந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மழை இறங்கியபோது வயல் மொட்டையாகியிருந்தது. மூட்டைகள் எல்லாம் தார்ப்பாய்ப் படங்குக்குக் கீழே. எனக்குத்தான் படங்கின் கீழ் இடம் மிஞ்சவில்லை.