வெள்ளைச் சட்டையில் விழாத நிழல்

மூக்குக் கண்ணாடிக் கடையின் முன்பக்கம் முழுக்க வெளிச்சம். பின்பக்கம், ஒரு பச்சைத் திரைக்கு அந்தப் புறம், இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சு விட முடியாத ஓர் அறை. லென்ஸ் தேய்க்கும் எந்திரம், ஃபிரேமைச் சூடாக்கி வளைக்கும் பெட்டி, ஒரு முக்காலி. அந்த முக்காலியில்தான் பத்தொன்பது வருடமாக எக்ஸ்ரே உட்கார்ந்திருக்கிறாள்.

எக்ஸ்ரே என்பது அவளுடைய நாத்தனார் வைத்த பட்டம். நாத்தனாரும் அதே கடையில்தான் வேலை, ஆனால் முன்பக்கம். அவள் வாய் பேசும். இவள் கண் பேசும். வாடிக்கையாளர் கழற்றி வைத்த கண்ணாடியைத் திரை இடுக்கு வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவர் ஒருக்களிச்சுப் படுத்துட்டு டிவி பாப்பார், இடது கம்பி வெளியே வளைஞ்சிருக்கு" என்பாள் எக்ஸ்ரே. நாத்தனார் போய்க் கேட்பாள். அவரும் வெட்கத்தோடு ஆமாம் என்பார்.

எட்டாவதோடு படிப்பு நின்றது. பிறகு படித்ததெல்லாம் ஃபிரேமின் உள்பக்கத்தில்தான். காதில் மாட்டும் கம்பியின் உட்புறம் பொடி எழுத்தில் எழுதியிருப்பதை யாரும் வாசிப்பதில்லை, அவள் வாசித்தாள். மாடல் எண், நிற எண், பிறகு 62, ஒரு சின்னக் கட்டம், 15, கடைசியில் 125. லென்ஸின் அகலம், மூக்குப் பாலத்தின் அகலம், கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். கூலிங்கிளாஸ் என்றால் இருட்டின் அளவுக்கு ஒரு வகை எண்ணும் இருக்கும். மூன்று என்றால் கடும் வெயிலுக்கு. நான்கு என்றால் அதைவிடக் கறுப்பு, போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. யாரும் சொல்லித் தந்ததல்ல. ஆயிரம் கம்பிகளைப் புரட்டிப் புரட்டி, ஒன்றை இன்னொன்றோடு ஒட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

அந்தத் திங்கட்கிழமை கேப்டன் வந்தார். கடற்கரையில் குளிப்பவர்களைக் காப்பாற்றும் நாற்பது நீச்சல்காரர்களுக்குத் தலைவர். இருபத்தைந்து வருடம் வெயிலில் கடலைப் பார்த்த கண்கள். வலது கண்ணின் ஓரத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறி, அறுவை செய்து எடுத்திருந்தார்கள். இடது கண்ணிலும் அது தொடங்கியிருந்தது.

"ஒரு குளிர்பானக் கம்பெனி எங்க ஆளுங்களுக்கு நாப்பது கூலிங்கிளாஸ் தர்றாங்க. சீசன் பூரா போடணும். இது சாம்பிள். நல்லதான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்கு ஆனது என் பசங்களுக்கு ஆகக் கூடாது."

நாத்தனார் அதைத் திரைக்குப் பின்னால் நீட்டினாள். எக்ஸ்ரே முதலில் லென்ஸைக் கை நீட்டிப் பிடித்து, அதன் வழியே கதவின் நிலையைப் பார்த்து மெல்ல அசைத்தாள். நேர்க்கோடு நேராகவே நின்றது. பழுப்பு கலந்த சாம்பல் நிறம். சிவப்பு பில் புத்தகம் சிவப்பாகவே தெரிந்தது. கணினித் திரைக்கு முன்னால் கண்ணாடியைத் திருப்பினாள், ஒரு கோணத்தில் திரை இருண்டது. ஆக, போலராய்ஸ்டு, தண்ணீரின் மேல் தெறிக்கும் கூச்சத்தை வெட்டும். ஆனால் அது வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. அந்தக் கதிரை அளக்கும் மீட்டரில் வைத்தாள். பூஜ்யம். கொஞ்சம்கூட உள்ளே விடவில்லை. புற ஊதாவை முழுக்கத் தடுக்கும் என்று லென்ஸில் ஒட்டியிருந்த 'யூவி 400' ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை.

கேப்டன் ஒரு தாளை நீட்டினார். 'பரிசோதித்தேன், தகுதியானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சாம்பிளை அவளிடமே விட்டுவிட்டுத் தாளோடு போனார் கேப்டன். மாலையில் வீட்டுக்கு நடக்கும்போது அந்தக் கையெழுத்தை நினைத்து இரண்டு முறை தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை மதியம் நாற்பதும் ஒரே பெட்டியில் வந்தன. தண்ணீரில் விழாமலிருக்கக் கழுத்துக் கயிறு மாட்ட வேண்டும். மறுநாள் காலை கடற்கரையில் விழா. மூன்றாவது கண்ணாடிக்குக் கயிறு மாட்டும்போது அவள் கை நின்றது.

கம்பியின் எழுத்துகள் அதே எழுத்துகள்தான். 62, கட்டம், 15, 125, வகை மூன்று. ஆனால் மாடல் எண்ணின் கடைசியில் சாம்பிளில் இருந்த ஓர் எழுத்து இல்லை. கட்டை விரலால் தேய்த்தாள். '125' விரலோடு வந்துவிட்டது. லென்ஸோ வகை மூன்றுக்கு மிஞ்சிய கறுப்பு. கதவு நிலையைப் பார்த்தாள். நிலை பாம்பாக நெளிந்தது. கணினித் திரை எந்தக் கோணத்திலும் இருளவில்லை. மீட்டரில் வைத்தாள்.

நாற்பத்து நான்கு.

வேறொன்று வைத்தாள். நாற்பத்தொன்று. கண்ணுக்குத் தெரியாத வெயிலில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு, நேராக உள்ளே போகிறது. லென்ஸில் அதே பொன்னிற ஸ்டிக்கர் பளபளத்தது.

நாத்தனாரைக் கூப்பிட்டாள். வந்தவள் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி, நீங்க கையெழுத்துப் போட்டது சாம்பிளுக்கு. இதுக்கு இல்ல. கயிறு மாட்டச் சொன்னாங்க, மாட்டிக் குடுத்துட்டு வாயை மூடிட்டு இருங்க."

"தாள்ல சாம்பிள்னு நான் எழுதலையே. நாப்பதுக்கும் சேத்துத்தான் அது பேசும்."

"அப்ப முதலாளி?"

"அவர் என்ன சொல்வார்?"

"என்ன சொல்வாரா? கம்பெனிக்காரனைப் பகைச்சுக்கிட்டோம்னு கடையையே தலையில தூக்கி வச்சு ஆடுவார்."

எக்ஸ்ரே கயிற்றைக் கீழே வைத்தாள். ஒரு சாம்பிளைப் பார்த்து நாற்பதுக்குக் கையெழுத்துப் போடலாமா? பெட்டி பெட்டியாக லென்ஸ் வாங்கும் கடையில் அதுதான் வழக்கம். ஒன்றைச் சோதித்தால் பெட்டியைச் சோதித்த மாதிரி. பழக்கதோஷம். ஆனால் இந்தக் கறுப்புக்குப் பின்னால் கண் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். நாத்தனாரின் போனை வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரை அவளே அழைத்தாள்.

கேப்டன் ஒரு மணி நேரத்தில் வந்தார். விழா வேலையாக அவரோடு இருந்த கம்பெனிக்காரரும் கூடவே வந்துவிட்டார். கடை முதலாளியும் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். கம்பெனிக்காரர் இஸ்திரி கலையாத ஆள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"இந்தம்மா மிஷின் பழசா இருக்கும் சார். கறுப்பைப் பாருங்க, சூரியனே தோத்துடும். சப்ளையர் யூவி டார்ச்சே குடுத்திருக்கான், இப்பவே காட்டுறேன்."

பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். முன் விளக்குகளை அணைக்கச் சொன்னார். மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து டார்ச்சை அடித்தார். தாள் நீலமாக ஒளிர்ந்தது. அதன் மேல் ஒரு கூலிங்கிளாஸை வைத்து, மறுபடி அடித்தார். லென்ஸுக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை.

"பாத்தீங்களா? ஒளி போச்சு. யூவி காலி."

கேப்டன் தலையாட்டத் தொடங்கினார். முதலாளி மூச்சு விட்டார். எக்ஸ்ரே திரையைப் பிடித்தபடியே நின்றாள். அங்கிருந்தே பேசினாள்.

"சார், நீங்க லென்ஸ் வழியா பாக்குறீங்க. கறுப்பு லென்ஸ் வழியா பாத்தா எந்த வெளிச்சம் தெரியும்? கீழ தாள் மினுக்குதா இல்லையான்னு பக்கவாட்டுல பாக்கணும்."

"என்னம்மா வித்தியாசம்?" என்றார் கம்பெனிக்காரர்.

"நீங்க ஏமாத்துறது கண்ணை. நான் பாக்கச் சொல்றது வெயிலை."

நாத்தனார் இருட்டில் களுக்கென்று சிரித்தாள். எக்ஸ்ரே வெளியே வந்தாள். அவள் பார்வை கேப்டனின் சட்டையில் நின்றது. சலவைத்தூள் போட்டு வெளுத்த வெள்ளைச் சட்டை, புற ஊதா பட்டால் மினுக்கும்.

"ஐயா, கொஞ்சம் சுவரோரமா நில்லுங்க. யாரும் டார்ச்சை நேரா பாக்காதீங்க."

டார்ச்சை அடித்தாள். கேப்டனின் மார்பு நிலா மாதிரி நீலமாக ஒளிர்ந்தது. தன் மேஜையிலிருந்து ஒரு வெறும் பாலிகார்பனேட் லென்ஸை எடுத்து டார்ச்சுக்கு முன்னால் பிடித்தாள். தண்ணீர் மாதிரித் தெளிவானது, துளி நிறம் கிடையாது. சட்டையில் வட்டமாக ஒரு கறுப்பு நிழல் விழுந்தது. யாரோ "அட!" என்றார்கள். முதலாளிதான்.

சாம்பிளைப் பிடித்தாள். அதே கறுப்பு நிழல்.

பெட்டியிலிருந்து வந்த கறுப்புக் கண்ணாடியைப் பிடித்தாள். நிழல் விழவில்லை. லென்ஸ் இருந்த இடத்திலும் சட்டை நீலமாக மினுக்கிக்கொண்டே இருந்தது, கொஞ்சம் மங்கி, அவ்வளவுதான்.

விளக்குகளைப் போட்டார்கள். கேப்டன் தன் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"இது ஒண்ணும் போடாததுக்குச் சமமா?"

"அதைவிட மோசம் ஐயா. ஒண்ணும் போடலைன்னா வெயில்ல கண்ணைச் சுருக்குவாங்க, கண்பாப்பாவும் சுருங்கும். இந்தக் கறுப்பைப் போட்டா இருட்டுன்னு நினைச்சுப் பாப்பா விரிஞ்சிடும். விரிஞ்ச வாசல் வழியா தெரியாத வெயில் உள்ள போகும்." அதே மூச்சில் சொன்னாள்: "திங்கக்கிழமை நான் போட்ட கையெழுத்து தப்பு. ஒண்ணைப் பாத்துட்டு நாப்பதுக்குப் போட்டேன். அந்தத் தாளைத் திருப்பிக் குடுங்க."

கம்பெனிக்காரர் ஒரு கண்ணாடியை எடுத்துக் கம்பியைத் தேய்த்தார். எழுத்து அவர் விரலில் ஒட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சப்ளையர் எங்க தலையிலயும் மிளகாய் அரைச்சுட்டான் போல" என்று சொல்லிவிட்டு வெளியே போய் யாரிடமோ போனில் கத்தினார். உள்ளே வந்தபோது சட்டை கசங்கியிருந்தது. "விழாவுக்கு மட்டும் போட்டுட்டுக் கழட்டிடட்டுமே சார்? போட்டோ எடுக்க வர்றாங்க."

"என் பசங்க தொப்பி போட்டு நிப்பாங்க. போட்டோவுல அழகாத்தான் இருப்பாங்க" என்றார் கேப்டன். பையிலிருந்து தாளை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் கிழிக்கவில்லை. 'சாம்பிள் ஒன்று மட்டும் தகுதி. பெட்டியில் வந்த நாற்பதும் தகுதியில்லை' என்று கீழே எழுதி, தேதியிட்டு, பழைய கையெழுத்துக்கு அடியில் இன்னொரு கையெழுத்துப் போட்டாள். முதல் கையெழுத்தைவிட அது பெரிதாக இருந்தது.

முதலாளி கடையைத் தலையில் தூக்கி ஆடவில்லை. மறுநாள் வந்த மூன்று பேரிடம் சட்டைக் கதையை அவரே நடித்துக் காட்டினார்; நிழல் விழாத இடத்தில் ஒவ்வொரு முறையும் கையை ஒரு சாண் கூடுதலாக விரித்தார்.

பன்னிரண்டு நாள் கழித்துப் புதுப் பெட்டி வந்தது. நீச்சல்காரர்களின் அலுவலகத்துக்கு அல்ல. நேராகக் கண்ணாடிக் கடைக்கு, மேலே 'பின் அறை' என்று எழுதி. எக்ஸ்ரே ஒவ்வொன்றாக எடுத்தாள். ஸ்டிக்கரைப் பார்க்காமல் உரித்து ஓரமாக ஒட்டினாள். கதவு நிலை, கணினித் திரை, மீட்டர், கம்பியில் கட்டைவிரல். பிறகு அடுத்தது. நாத்தனார் இரண்டு தடவை டீ கொண்டுவந்து வைத்தாள்; இரண்டும் ஆறிப்போயின.

"அண்ணி, பத்தைப் பாத்தா போதாதா?"

"போதாது."

கடைசிக் கண்ணாடியும் மீட்டரிலிருந்து வந்ததும், கடை போனை எடுத்து அவளே எண்ணை அழுத்தினாள். முன்பக்கம் கூட்டமாக இருந்தது. எல்லோர் காதிலும் விழும்படிதான் பேசினாள்.

"கேப்டன் ஐயாவா? நாப்பதும் சரி. ஒண்ணு விடாம பாத்துட்டேன்."

"எல்லாமே பூஜ்யமாம்மா?"

"எல்லாம் பூஜ்யம். முப்பத்தோராவதுல மட்டும் கம்பி கொஞ்சம் கோணல். சூடு பண்ணி நிமித்திட்டேன். பசங்களை வரச் சொல்லுங்க, ஒவ்வொருத்தர் மூஞ்சியிலயும் வச்சுப் பாத்துத்தான் குடுப்பேன். ஓரத்துல வெயில் புகுந்தா இத்தனையும் வீண்."

போனை வைத்துவிட்டு, நாற்பது பேர் உட்கார முக்காலி போதாதே என்று முன்பக்கத்து நாற்காலிகளை எண்ணத் தொடங்கினாள்.