வாணலியில் ஆடிய கோலி

ஜுவைரியாவுக்கு நான் சொல்லிக்கொடுத்த இயற்பியல் மொத்தம் ஒரே ஒரு வாக்கியம். அதுவும் தப்பு. இதை நான் வெளியே சொல்லாமலே இருந்துவிடலாம், கேட்பாரும் இல்லை. ஆனால் அவளைப் பற்றி எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டு அதை மட்டும் ஒளித்துவைத்தால் எனக்கே என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்காது.

காரைக்காலில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அவள் அங்கே கணிதம், நான் இயற்பியல். பதினோரு வருஷம் ஒரே அறையில் எதிரெதிர் மேஜை. நான் அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவதற்குள் அவள் வந்து கரும்பலகையைத் துடைத்து வைத்திருப்பாள். வீட்டில் அவளும் அவள் உம்மா ரோஷன் பேகமும் மட்டும்தான். அண்ணன் தமீம் அன்சாரி ஷார்ஜாவில் இருந்தார். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களிடம் "இன்னும் விடை வரல" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

விடைத்தாளில் கூட்டல் தப்பியிருந்தால் தேடிப்போய்த் திருத்துவாள். ஒருமுறை, கூடுதலாகப் போட்டுவிட்ட மூன்று மதிப்பெண்ணைக் குறைப்பதற்காக ஒருத்தனை உணவகம் வரை தேடிப்போனாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

பகுதிநேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து ஏழாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய ஆய்வு இரண்டு கிணறுகள். ஒன்று பட்டினச்சேரியில், கடலுக்குப் பக்கத்தில். இன்னொன்று அதற்கு மேற்கே, கொஞ்சம் உள்ளே. இரண்டிலும் உப்பு எப்படி ஏறி இறங்குகிறது என்பதற்குச் சமன்பாடு எழுதியிருந்தாள். உப்பு அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நிலத்தடியில் நகரும். வித்தியாசம் எத்தனை பெரிதானாலும் நகர்வது ஓர் அளவைத் தாண்டாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கோடையில் ஒன்றும் மழைக்குப் பிறகு ஒன்றுமாக, தண்ணீர் எடுத்து வந்து அளப்பாள். கணினியிலும் அதே ஆறு மாதத்தை ஒரு காலடியாக வைத்துக் கணக்கை ஓட்டினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். ஒரு கிணற்றின் கோடு மேலே போனால் மற்றதன் கோடு கீழே. அடுத்த அடியில் அது தலைகீழ். வருஷத்துக்கு ஒரு சுற்று, நிற்காமல்.

"மழைய நான் சமன்பாட்டுல போடவே இல்ல செல்வி. ஆனா வருஷா வருஷம் தானா ஆடுது."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா இது சரிவு அமைப்பு. ஒரு நிலப்பரப்பு, அதுல ஒரு பந்து. எந்தப் பக்கம் செங்குத்தா இறங்குதோ அந்தப் பக்கம் போகும். அது ஆடலாமா?"

நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிஷத்தில் எனக்கு வகுப்பு.

"என்னடி இது, வாணலியில கோலிய விட்டா இப்படியும் அப்படியும் ஆடத்தானே செய்யும்?" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. இயற்பியல்காரி சொல்லிவிட்டாளே. அந்தக் கட்டுரை ஆறு மாதத்தில் வெளிவந்தது. கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: பயனுள்ள உரையாடலுக்காக தாமரைச்செல்விக்கு நன்றி. அதை நகல் எடுத்து வீட்டு பீரோவில் வைத்தேன். இன்னொருவர் கட்டுரையில் என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

இந்த வருஷம் ஏப்ரலில் கல்லூரி நிர்வாகம் சொல்லிவிட்டது, முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த கல்வியாண்டில் வேலை கிடையாது என்று. ஆய்வேடு கொடுத்த ரசீது இருந்தால் போதும். நான் என் பட்டத்தை முன்பே வாங்கியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கிடைத்த கடைசி நீட்டிப்பு ஜூலை முப்பத்தொன்று வரை. விதிப்படி இரண்டு கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும். அவளிடம் சரியாக இரண்டு இருந்தன. எழுதி முடித்துக் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி.

ஜூன் இரண்டாவது வாரம் ஒரு காலை, நான் பையைக்கூட இறக்கவில்லை, அவள் சொன்னாள்: "செல்வி, என்னோட ரெண்டாம் அத்தியாயமும் நாலாம் அத்தியாயமும் ஒரே புத்தகத்துல இருக்க முடியாது."

நாலாவதில் ஆடும் கிணறுகள். இரண்டாவது, அடிப்படைகளைச் சொல்லும் அத்தியாயம். அதை எழுத எழுதத்தான் அவளுக்கு உறைத்திருக்கிறது. அதிலுள்ள தேற்றத்தைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினாள். சரிவு அமைப்பில் பந்து ஒவ்வொரு கணமும் கீழ்நோக்கித்தான் போகும். அது நகர்கிறது என்றாலே உயரம் குறைகிறது என்று அர்த்தம். நின்றால்தான் உயரம் மாறாமல் இருக்கும். ஆடுவது என்றால் கிளம்பின இடத்துக்கே திரும்ப வர வேண்டும். அதே இடம் என்றால் அதே உயரம். இறங்கி மட்டுமே பழகினது பழைய உயரத்துக்கு எப்படி வரும்?

"அப்ப கோலி ஆடுதே?" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது. கண்ணால் பார்க்கிற விஷயத்தை இவள் சாக்பீஸால் அழிக்கிறாளே என்று.

"அது என்ன ஞாபகத்துல ஆடுது?" என்று கேட்டாள்.

அவள் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. கோலிக்கு ஓட்டம் இருக்கிறது. சரிவு அதன் வேகத்தை மாற்றும், அவ்வளவுதான். அடியில் வந்து சேரும்போது சரிவே இல்லாவிட்டாலும் சேர்த்துவைத்த வேகத்தில் எதிர்ப்பக்கம் ஏறிவிடும். அவளுடைய சமன்பாட்டில் சரிவேதான் வேகம். சரிவு தீர்ந்தால் வேகமும் தீர்ந்தது, எதிர்ப்பக்கம் ஏற ஒன்றும் மிச்சமில்லை. இருபது வருஷமாக நிலைமம் நடத்துகிறவள் நான். அன்றைக்கு டப்பாவை மூடுகிற அவசரத்தில் அதை மறந்திருக்கிறேன்.

அப்படியும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனோம். ரோஷன் பேகம் அம்மா பண்டத்துக்குச் சீனிப்பாகு காய்ச்சி ஆறவைத்திருந்தார். வெறும் வாணலியின் ஓரத்தில் கோலியை விட்டேன். ஆடியது, ஆடியது, பத்துப் பதினைந்து தடவை. பிறகு கெட்டிப்பாகை ஊற்றி அதே ஓரத்தில் விட்டேன். மெல்ல வழுக்கி அடிக்கு வந்தது. நின்றது. ஒரு நூல்கூடத் தாண்டவில்லை.

"பாகு காச்சுனது பண்டத்துக்கா, உங்க கோலிக்கா?" என்றார் அம்மா. நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் உள்ளே போய்விட்டார்.

"அப்ப கணினியில ஆடுனது எது?" என்றேன்.

அதையும் கண்டுபிடித்துவைத்திருந்தாள். இரண்டு கிணறும் சமமாகிற இடம் ஒரு குறுகலான பள்ளம், இருபுறமும் செங்குத்து. ஆறு மாதத்தை ஒரே அடியாக வைத்ததால் கணினி பள்ளத்தின் அடித்தளத்தைத் தாண்டி எதிர்ச்சுவரில் போய் விழுந்திருக்கிறது. அங்கிருந்து மறுபடி இந்தச் சுவருக்கு. நகர்வுக்கு ஓர் அளவு வைத்திருந்தாளே, அதனால் தாவலும் பெருகாமல் ஒரே அகலத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டு அடி சேர்ந்தால் ஒரு வருஷம். பார்ப்பவர்களுக்கு அப்படியே மழையும் கோடையும். நிஜக் கிணறுகளும் வருஷத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகின்றனவே, மழையால். அதனால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அடியை ஒரு வாரமாகக் குறைத்து ஓட்டிக் காட்டினாள். இரண்டு கோடும் நெருங்கி வந்து, சேர்ந்து, படுத்துவிட்டன.

"மூணு வருஷமா நான் கெணத்தப் பாக்கல செல்வி. என் காலடியத்தான் பாத்திருக்கேன்" என்றாள். அழவில்லை.

மறுநாள் வழிகாட்டி பேராசிரியர் சிவசுப்பிரமணியனுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் நானும் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வுக்கு எட்டு மாதம் இருப்பவர்.

"இதுல பதற ஒண்ணும் இல்லம்மா. ஆறு மாசத்துக்கு ஒருதடவை அடியெடுத்து வைக்கிற மாதிரியே அமைப்புன்னு சொல்லிடுங்க. தாவிப்போற அமைப்பு ஆடலாம், தேற்றத்துக்கும் பங்கமில்ல. ஒரு பத்தி மாத்துனா போதும்."

எனக்கு உயிர் வந்தது. மேஜைக்கு மேலே கையால் சைகை காட்டினேன், சரி என்று சொல்லு, சரி என்று சொல்லு.

அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "உப்பு ஆறு மாசத்துக்கு ஒருதடவையா சார் நகருது?"

"யோசிச்சு முடிவு பண்ணுங்கம்மா. கட்டுரைய வாபஸ் வாங்குனா ஜூலைக்குள்ள இன்னொண்ணு வராது, தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார்."

போனை வைத்ததும் நான் கத்திவிட்டேன். யாருக்கு நஷ்டம், எவன் படிக்கிறான் அந்தக் கட்டுரையை, வேலை போனால் உம்மாவை வைத்துக்கொண்டு அண்ணன் கையையா பார்ப்பாய், உனக்கென்ன பைத்தியமா என்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அந்த மூணு மார்க்குப் பையன் ஞாபகம் இருக்கா? கூட இருக்கறத எடுத்துட்டேன், அவ்வளவுதான்" என்றாள்.

அவள் யோசிக்கட்டும் என்று நான் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. உண்மையில் அந்த இரண்டு நாளும் நான் என்னைப் பற்றித்தான் யோசித்தேன். எனக்குப் பதவி உயர்வு நேர்காணல் ஜூலையில் இருந்தது. வாபஸ் பெற்ற கட்டுரை இணையத்தில் குறுக்கே முத்திரை குத்தி அப்படியே நிற்கும், கடைசி வரியில் என் பெயரோடு. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை நேரத்துக்குக் கல்லூரி அடங்கியிருந்தது. இதழுக்கு அனுப்ப வேண்டிய வாபஸ் கடிதத்தைத் தட்டச்சு செய்து என் மேஜையில் வைத்தாள். ஒரே பக்கம். அடியின் நீளம் பெரிதாக இருந்ததால் வந்த போலி ஊசலாட்டம், தேற்றத்துக்கு முரண், பிழை முழுக்க என்னுடையது என்று இருந்தது. கீழே தனிப் பத்தி: நன்றியுரையில் உள்ள தாமரைச்செல்வியின் பெயரை நீக்கிவிடக் கோருகிறேன், அவருக்கும் இந்த முடிவுக்கும் தொடர்பில்லை.

"ஒன்னோட நேர்காணல் வருதுல்ல, அதான்" என்றாள்.

அவளுக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது. வேலை போகப்போவது அவளுக்கு. நான் பேனாவை எடுத்தேன். அந்தப் பத்தியைக் கோடு போட்டு அடித்தேன். "பிழை முழுக்க" என்ற இடத்தில் முழுக்க என்பதையும் அடித்தேன். பக்கத்தில் எழுதினேன்: பந்து ஆடும் என்று இவரிடம் சொன்னது நான். கையெழுத்துப் போட்டேன்.

"இது எதுக்குடி?"

"கூட இருந்தத எடுத்தியே. விட்டுப்போனதச் சேர்த்திருக்கேன்."

அவள் படித்துப் பார்த்தாள். திரும்பத் தட்டச்சு செய்யப் போனவள், நின்று கேட்டாள்: "நெசமாவே அன்னைக்கு நீ ஆடாதுன்னு சொல்லியிருந்தா, நான் கேட்டிருப்பேனா?"

கேட்டிருப்பாள். அது அவளுக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கணினிப் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஜூலை முப்பத்தொன்று போயிற்று. எதிர் மேஜை இப்போது காலி. காலையில் வந்து கரும்பலகையை நான்தான் துடைக்கிறேன்.